போனை முதலில் வைத்தவள்

எங்கள் ஹோட்டல் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நாள் முழுக்க ஆவியில் நின்று நின்று அவள் கால் இரண்டும் வீங்கிப் போயிருந்தன. அறைகளிலிருந்து வரும் போனை எடுக்கிற நாற்காலி காலியானபோது, "உட்கார்ந்து பார்க்குற வேலைடி! விடுவேனா?" என்றாள். அதற்கு இங்கிலீஷ் பேச்சுத் தேர்வு உண்டு. இரண்டிரண்டு பேராக நடத்துவார்கள்: ஒருத்தி கார்டில் எழுதியிருப்பதை விருந்தாளியாகக் கேட்க, மற்றவள் போனை எடுக்க வேண்டும்; பிறகு இடம் மாற வேண்டும்.

குட்டியும் மனுப் போட்டாள். துண்டு மடிக்கிறவள், அக்காவின் செல்லம். அவளுக்கு வாயைத் திறந்தாலே வியர்த்துவிடும். அக்காதான் தினமும் முதுகோடு முதுகாக உட்கார்ந்து, தண்ணீர் தெளிக்கிற குப்பியைப் போன் மாதிரி காதில் வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தாள்.

"எடுத்ததும் வணக்கம், பிரிவு பேரு, 'ஹவ் மே ஐ ஹெல்ப் யூ?' புரியலைன்னா தலையாட்டாதே, போன்ல தெரியாது. 'குட் யூ ரிபீட் தட், ப்ளீஸ்?' கேளு. அதுக்கும் மார்க் இருக்கு. கேட்டதைத் திருப்பிச் சொல்லு. கடைசியா, 'எனிதிங் எல்ஸ்?' அவங்க வைக்காம நாம வைக்கவே கூடாது."

தேர்வில் இரண்டு அறை, இரண்டு போன். மேனேஜர் வெளியே உட்கார்ந்து, இருவர் பேச்சையும் ஸ்பீக்கரில் கேட்டு மார்க் போட்டார். என் முறைக்காக அங்கே காத்திருந்த எனக்கும் எல்லாம் கேட்டது. முதலில் அக்கா விருந்தாளி. குட்டி திருப்பிக் கேட்டு மார்க் வாங்கட்டும் என்று, அறை எண்ணை வேண்டுமென்றே விழுங்கிச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். குட்டி கேட்டாள், அக்கா நிதானமாகச் சொன்னாள். குட்டி ஒன்றுவிடாமல் முடித்தாள்.

அடுத்து குட்டி விருந்தாளி. அக்கா அழகாக வணக்கம் சொன்னாள். குட்டியோ மூச்சுவிடாமல் என்னவோ பொரிந்து தள்ளினாள். "ஸாரி, குட் ஐ ஜஸ்ட் செக்..." என்று அக்கா ஆரம்பித்தாள். "தட்ஸ் ஆல், பை." டக். வைத்துவிட்டாள் பாவி!

திருப்பிச் சொல்லவும் இல்லை, முடிக்கவும் இல்லை. பேசாததற்கு எப்படி மார்க் போடுவது என்றார் மேனேஜர்.

"பயத்துல கை தவறிடுச்சுக்கா," என்றாள் குட்டி. கை தவறியதாம்! கார்டில் கேட்கச் சொல்லியிருந்தது இரண்டே தலையணை; அதற்கா அத்தனை பேச்சு?

நாற்காலி குட்டிக்குப் போனது. அடுத்த வாரம் துணிக் கணக்கு சொல்ல அக்கா போன் போட வேண்டியிருந்தது. ஸ்பீக்கரில் குட்டி தேன் குரலில் எடுத்தாள். வணக்கம், பிரிவு, உதவி. அக்கா சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். "எனிதிங் எல்ஸ் ஐ கேன் ஹெல்ப் யூ வித்?" என்றாள். எல்லாம் அக்கா சொல்லிக் கொடுத்த சொல்.

அக்கா பதிலும் சொல்லவில்லை, போனையும் வைக்கவில்லை. வீங்கிய காலோடு நின்றுகொண்டே இருந்தாள். பக்கத்தில் மேனேஜர் இருக்கும்போது, கூப்பிட்டவள் வைக்காமல் குட்டி வைக்க முடியாது.

"அக்கா... வைங்கக்கா," என்று குட்டியின் குரல் உடைந்தது.

"நீதானேடி முதல்ல வைப்பே?" என்றாள் அக்கா. "வை."