ஒண்ணேகாலுக்குக் கொஞ்சம் மேலே

பட்டறையில் அவளை எல்லோரும் மரையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். லேத்தில் மரை வெட்டுவதில் அப்படி ஒரு கை. ஓர் இடத்தில் உட்கார மாட்டாள், நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள். "உனக்கே ஒரு மரை கழண்டிருக்குடி" என்பான் அவள் கணவன்.

அவன் வேன் ஓட்டுபவன். டயாலிசிஸ் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கூட்டிவருவான். பஞ்சர் ஒட்டிய பிறகு முன்சக்கரம் ஒன்றில் நட்டுகள் தளரத் தொடங்கின. பழைய நட்டுகளைத் தொலைத்துவிட்ட கடைக்காரர் வேறு நட்டுகளை மாட்டியிருந்தார்.

காலையில் ஒன்றைக் கழற்றி அவளிடம் நீட்டினான். அவள் பையில் மரைக்கு மரை உள்ள இடைவெளியை அளக்கும் மில்லிமீட்டர் பிட்ச் கேஜ் மட்டும்தான் இருந்தது. பல் வெட்டிய தகடுகளை விசிறிபோல் விரித்து, 1.25 என்று பொறித்ததை நட்டுக்குள் வைத்து அழுத்தினாள். உட்கார்ந்தது. சக்கரத்தின் போல்ட்டிலும் உட்கார்ந்தது.

"ரெண்டும் ஒண்ணேகால் மில்லிதான். நல்லா இறுக்கிட்டுக் கிளம்புங்க."

சொன்னாளே தவிர, பட்டறைக்கு வந்தும் மனசு நிலைகொள்ளவில்லை. தகடு தானாக உட்கார்ந்ததா, நாம்தான் உட்கார வைத்தோமா? லேத்தை நிறுத்தினாள், ஓட்டினாள், மறுபடி நிறுத்தினாள். அங்குலத்துக்கு இருபது மரை உள்ள அரை அங்குல நட்டாக இருந்தால்? சாக்பீஸால் லேத்தின் மூடியிலேயே எழுதினாள். ஓர் அங்குலம் 25.4 மில்லி. இருபதால் வகுத்தால் 1.27. மரைக்கு மரை 0.02 மில்லிதான் வித்தியாசம். நாலைந்து மரையில் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அரை அங்குல நட்டு, அதாவது 12.7 மில்லி, பன்னிரண்டு மில்லி போல்ட்டில் மரையின் நுனியை மட்டும்தான் பிடிக்கும்.

அவனுக்குப் போன் போட்டாள்; மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தான்.

"எங்க இருக்கீங்க?"

"பாலத்தைத் தாண்டிட்டேன். உள்ள அஞ்சு பேரு இருக்காங்க."

"ஓரங்கட்டுங்க. ஒரு அடி கூட நகர்த்தாதீங்க!"

அங்குல கேஜையும் விட்டம் அளக்கும் வெர்னியரையும் எடுத்துக்கொண்டு, முதலாளியின் ஸ்கூட்டரில் விரைந்தாள். நோயாளிகளை அதற்குள் வேறு வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தான்.

நட்டைக் கழற்றி வானத்துக்கு எதிரே பிடித்தாள். 1.25 தகடு ஒரு முனையில் படிந்தது. மறு முனையில் மெல்லிய வெளிச்சக் கோடு. அங்குல கேஜில் இருபதாம் தகட்டை வைத்தாள். எந்த முனையிலும் இடுக்கே இல்லை. போல்ட்டில் நேர்மாறு: முழு நீளத்துக்கும் 1.25 தான் படிந்தது. அதன் விட்டத்தை வெர்னியர் பன்னிரண்டு மில்லிக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. இரண்டு போல்ட்டுகளில் மரையின் உச்சி சுருள் சுருளாகப் பெயர்ந்திருந்தது.

"காலையில நீதானே சரின்னு சொன்ன?"

"சொன்னேங்க. அழுத்திப் பார்த்தேன், வெளிச்சத்துல பார்க்கல. என் தப்புதான்."

அவன் பெயர்ந்த மரையை விரலால் தடவிக்கொண்டு நின்றான்.

மாலைக்குள் புது போல்ட்டுகளும் அவற்றுக்கேற்ற நட்டுகளும் ஏறின. "ஏறு, வீட்டுக்குப் போகலாம்" என்றான் அவன். அவள் அதற்குள் பின்சக்கரத்தின் அருகே குத்தவைத்து, அடுத்த நட்டைக் கழற்ற ஆரம்பித்திருந்தாள்.