பதினோரு பஸ்களில் ஏறிய போஸ்டர்

கலைவிழாவுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. விளம்பரக் குழுவில் நான்கே பேர், கையில் காசில்லை. அவர்கள் போட்ட ரீல்ஸைச் சொந்தக் கல்லூரிக்காரர்கள் மட்டுமே பார்த்தார்கள். வெளிக் கல்லூரிகளிலிருந்து பதிவு செய்தவர்கள் ஆறு பேர்.

மாலை பஸ்ஸில் குழுத் தலைவி உம்மென்று இருப்பதைப் பார்த்து டிரைவர் விசாரித்தார். பதினெட்டு வருடமாக அந்தக் கல்லூரி பஸ்ஸை ஓட்டுகிறவர் அவர்.

"போஸ்டரை எங்கிட்ட குடும்மா. பதினோரு காலேஜ் டிரைவருங்க ஒரே பங்க்லதான் டீசல் போடுறோம்."

"ஒட்ட விடுவாங்களாண்ணா?"

"அவங்கவங்க ஆபீஸ்ல கேட்டுட்டு ஒட்டுவாங்க."

துறைத் தலைவரிடம் கெஞ்சி, அலுவலக மெஷினில் கறுப்பு வெள்ளையில் பதினோரு பிரதி எடுத்துக் கொடுத்தார்கள். மறுநாளே அவை பஸ்களுக்குள் ஏறின. நெரிசலில் பொழுது போகாமல் உட்கார்ந்திருந்தவர்கள் போனை நீட்டி க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தார்கள். நான்கே நாளில் பதிவு இருநூறைத் தாண்டியது.

விழா மேடையில் டிரைவரை அழைத்தார்கள், ஆளைக் காணோம். தலைவி தேடிப் போனபோது, வாசலில் பஸ்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நீங்க இல்லேன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"அட, இதுக்குப் போயா? மொதல்ல நீ ஓரமா நில்லும்மா, பஸ் வருது," என்றார். அவர் முகமெல்லாம் சிரிப்பு.