கடனும் பவுணும் விருதும்

கௌசலாவுக்குப் பிடிக்காத தமிழ்ச் சொற்கள் நிறைய இருந்தன. அநேகமானவை முகாமில் பழகியவை. போர் முடிந்த ஆண்டு செட்டிகுளம் முகாமில் தொண்டு நிறுவனக்காரருக்கு மொழிபெயர்ப்பாளராக நின்றபோது, பசியோடு வரிசையில் நின்ற சனத்தைப் 'பயனாளிகள்' என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். அன்று தொடங்கிய எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

இப்போது அவள் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர். கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்கு அருகில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையின் பின் அறை. பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, காணி அனுமதிப் பத்திரம் எல்லாம் அங்கேதான் மொழி மாறும். வேலையில் பிழை வராது. வாயில் இனிமையும் வராது. சேர்டிபிக்கற் கொண்டு வருபவர்கள் அதற்குப் பழகியிருந்தார்கள்.

சதீஸ் பழகவில்லை. கொழும்பில் இருக்கும் ஒரு தனியார் கல்வி நிறுவனம் கிளிநொச்சியில் திறந்த கிளைக்கு அவன்தான் மனேச்சர். அந்த நிறுவனத்தில் படித்தால் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டம் கிடைக்குமாம். பங்குனி வெயிலில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தவன், பளபளக்கும் கையேடு இரண்டை மேசையில் வைத்தான். ஒன்று ஆங்கிலம், மற்றது தமிழ்.

"அக்கா, போன ஞாயிறு பெற்றோர் கூட்டம் வச்சனாங்கள். பாதியிலயே எழும்பிப் போட்டினம். ஏனெண்டு விளங்கேல்ல."

கௌசலா தமிழ்க் கையேட்டைத் திறந்தாள். விளங்க அவளுக்கு இரண்டு பக்கம் போதுமாயிருந்தது. 'மாணவர் ஒவ்வோர் ஆண்டும் 120 கடன்களைப் பெறுவார். மூன்றாண்டு முடிவில் 360 கடன்களுடன் பட்டதாரியாவார்.' ஆங்கிலத்தில் 'கிறெடிற்' என்று இருந்ததுதான் இங்கே கடனாகியிருந்தது.

"இதை ஆர் செய்தது?"

"கொழும்பில. கொம்பியூட்டரில போட்டு எடுத்தது."

"நுண்கடன்காரனுக்குப் பயந்து பெண்டுகள் வீட்டைப் பூட்டிப்போட்டு ஓடின ஊரில, பிள்ளைக்கு முந்நூற்றறுபது கடன் எண்டு அச்சடிச்சுக் குடுத்திருக்கிறியள். எழும்பிப் போகாமல் மாலை போடுவினமோ?"

சதீஸ் இரண்டு கையேட்டையும் அவள் பக்கம் தள்ளினான். வேலை அவள் கைக்கு வந்தது.

அது இலேசான வேலையாக இருக்கவில்லை. செமஸ்ரரைத் 'தவணை' என்று எழுதியிருந்தார்கள். கட்டணப் பகுதியிலும் தவணை என்றே வந்தது. வருடத்துக்கு இரண்டு தவணை என்றால் இரண்டு முறை காசு கட்டினால் போதும் என்று சனம் நினைக்கும். கௌசலா படிப்பை 'அரையாண்டு' ஆக்கி, தவணையைக் காசுக்கு மட்டும் விட்டாள். கடன்களைப் 'படிப்பு அலகு' ஆக்கி, 'ஓர் அலகு என்பது ஏறக்குறையப் பத்து மணித்தியாலப் படிப்பு. வகுப்பும் வீட்டில் படிப்பதும் சேர்த்து. இது காசு அல்ல' என்று கீழே ஒரு வரி போட்டாள்.

கட்டணங்களுக்கு ஒரு சொல்லில் தமிழ் கிடையாது, வாக்கியத்தில்தான் இருந்தது. 'பதிவுக் கட்டணம்: பிள்ளை சேராமல் விட்டாலும் இந்தக் காசு திரும்பி வராது.' 'பல்கலைக்கழகக் கட்டணம்: இங்கிலாந்துக் காசில் கணக்கிடப்படும். நீங்கள் கட்டும் நாளில் அதன் பெறுமதி எவ்வளவோ அவ்வளவு ரூபா. முன்கூட்டிச் சொல்ல முடியாது.' கடைசிப் பக்கத்தில் 'வெளியேறும் விருது' என்று ஒன்று இருந்தது. வெற்றிக் கிண்ணம் ஒன்றின் படமும் போட்டிருந்தார்கள். ஆங்கிலத்தைப் பார்த்தாள். பட்டத்தை முடிக்காமல் இடையில் நிற்பவர், அதுவரை சித்தியடைந்த அலகுகளுக்காகப் பெறும் சிறிய தகைமைதான் அது. கிண்ணத்தை வெட்டிவிட்டு, 'இடையில் நிற்பவருக்கான சான்றிதழ்' என்று எழுதினாள்.

சதீஸ் வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "அக்கா, மொழிபெயர்க்கத்தானே தந்தனான். நீங்கள் எச்சரிக்கைப் பலகை எழுதியிருக்கிறியள்."

"ஆங்கிலத்தில இருக்கிறதுதான் இருக்கு."

"இருக்கு. ஆனா அங்க மரியாதையா இருக்கு. 'திரும்பி வராது' எண்டதுக்கு 'மீளளிக்கப்படாத' எண்டு போடலாமே? நல்ல தமிழ்."

"நல்ல தமிழ்தான். ஒருத்தருக்கும் விளங்காது."

அவன் தாள்களை எடுத்துக்கொண்டு போனான். அடுத்த கூட்டத்துக்கு அவளையே விளக்கம் சொல்லக் கூப்பிட்டபோது அவளுக்கே ஆச்சரியம். மண்டபத்தில் புதிய கையேட்டைப் பார்த்ததும் ஆச்சரியம் தீர்ந்தது. படிப்பு அலகு இருந்தது, அரையாண்டு இருந்தது. மற்றதெல்லாம் மீளளிக்கப்படாதவையாகவும் அவ்வப்போது திருத்தத்திற்குட்பட்டவையாகவும் மாறியிருந்தன. கிண்ணமும் திரும்பி வந்திருந்தது.

முன்வரிசையில் விமலேஸ்வரி இருந்தாள். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளையும் வயலும், இரண்டு உழவு இயந்திரமும், கனடாவில் தம்பியும் உள்ளவள். மூன்றையும் பற்றி ஒரே மூச்சில் சொல்லக்கூடியவள். பக்கத்தில் மகள் யதுர்ஷிகா, உயர்தரப் பரீட்சையில் அரச கம்பசுக்கான வெட்டுப்புள்ளியை எட்டாதவள், நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, பல்கலைக்கழகக் கட்டணம் தொளாயிரம் பவுண் எண்டு கிடக்கு. என்ர தாலிக்கொடியே பதினொரு பவுண்தான். ராசா வீட்டுக்கோ பிள்ளை படிக்கப் போறாள்?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. கௌசலா எழும்பினாள். "நகைப் பவுண் இல்லை அம்மா. இங்கிலாந்துக் காசு. இண்டைக்கு ஒரு விலை, நாளைக்கு ஒரு விலை."

விமலேஸ்வரிக்கு மூச்சு வந்தது. "அப்ப சரி. இந்த விருது எல்லாருக்கும் உண்டோ? நான் அயலில சொல்லிப்போட்டன்."

"ஓம் அம்மா, எல்லா மாணவருக்கும் உரிமை இருக்கு," என்றான் சதீஸ்.

கௌசலாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. "ஓம், இருக்கு. படிப்பை இடையில விட்டால் கிடைக்கும்."

விமலேஸ்வரியின் முகம் கறுத்தது. கோபம் சதீசிடம் போகவில்லை, நேரே கௌசலாவிடம் வந்தது. "என்ர பிள்ளை இடையில விடுவாள் எண்டு நீர் எப்பிடிச் சொல்லுவீர்? வயித்தெரிச்சல்!" மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பின்னால் பாதி மண்டபம் போனது. சதீஸ் கௌசலாவிடம், இனி வரத் தேவையில்லை என்று மிகுந்த மரியாதையோடு சொன்னான்.

பொய் சொன்னவனை விட்டுவிட்டு மெய் சொன்னவளைத் திட்டும் சனத்துக்குக் கிண்ணமே போதும் என்று நினைத்தபடி வீடு போனாள்.

அந்தக் கிழமை முடியுமுன் விமலேஸ்வரி அறை வாசலில் வந்து நின்றாள். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. ஆங்கிலக் கையேட்டை மேசையில் போட்டாள்.

"முழுக்க வாசியும். காசு தாறன்."

கௌசலா வாசித்தாள். ஒவ்வொரு கட்டணத்துக்கும் விமலேஸ்வரி நிறுவனத்தையும், அதன் மனேச்சரையும், அவன் கழுத்துப்பட்டியையும் திட்டினாள். இந்த முறை திட்டு போகவேண்டிய இடத்துக்குப் போனதில் கௌசலாவுக்குத் திருப்தி. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது அதுவரை பேசாமலிருந்த யதுர்ஷிகா தலையை நிமிர்த்தினாள்.

"அன்ரி, ரெண்டு வருசம் பாஸ் பண்ணிப்போட்டு நிண்டாலும் ஒரு தகைமை இருக்கும், என்ன?"

"அதுவரைக்குமான காசு கட்டியிருந்தால்."

"அப்ப அது நல்லதுதானே. விளைச்சல் பிழைச்சால் மூண்டாம் வருசக் காசு வராது. ஒண்டுமில்லாமல் வரத் தேவையில்லை."

கௌசலா தான் எழுதியதை நினைத்துப் பார்த்தாள். இடையில் நிற்பவர். அதிலும் ஒரு இளக்காரம் இருந்தது. சதீசின் கிண்ணம் பெரிதாக்கிக் காட்டியதை அவளுடைய சொல் மட்டந்தட்டியிருந்தது. தன்னிடமிருந்த பிரதியில் அதை வெட்டிவிட்டு 'முடித்த அளவுக்கான சான்றிதழ்' என்று எழுதினாள். தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

முழுக் கையேட்டையும் மொழிபெயர்த்து முத்திரை குத்திக் கொடுத்தாள். சேர்க்கைப் பத்திரத்தோடு அதையும் வைத்து மனேச்சர் கையெழுத்துப் போட்டால்தான் பிள்ளையைச் சேர்ப்பேன் என்று விமலேஸ்வரி கிளையில் போய் இருந்துவிட்டாளாம். இரண்டு உழவு இயந்திரக்காரியை விட மனமில்லாத சதீஸ் கொழும்புக்குப் போன் அடித்துக் கேட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டான். யதுர்ஷிகா சேர்ந்தாள். அடுத்த திங்கட்கிழமை முன்கடையில் அதே தாள்களைப் பிரதியெடுக்க எட்டுப் பத்துப் பேர் நின்றார்கள். அவர்களில் அரைவாசிப் பேர் மண்டபத்தில் அவளை முறைத்துக்கொண்டு போனவர்கள்.

"வரிசையா நில்லுங்கோ," என்றாள் கௌசலா, முகத்தில் ஒரு இனிமையும் இல்லாமல்.