ஐம்பத்திரண்டாவது நிமிடம்

நாற்பதாவது நிமிடத்தோடு நிறுத்தியிருந்தால் அந்தக் கடலை எண்ணெய் நல்ல எண்ணெயாகவே இருந்திருக்குமா? இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை. இதற்கு வேதியியல் ஒரு பதிலைச் சொல்லும், விடுதிச் சமையற்கட்டு வேறொரு பதிலைச் சொல்லும் என்று தெரிந்திருந்ததால் என்னிடமேகூட நேராகக் கேட்டுக்கொண்டதில்லை.

கொல்லிமலையில், ஆலத்தூர் நாட்டுச் சிற்றூர் ஒன்றில், பதினோரு பெண்கள் சேர்ந்து ஒரு மரச்செக்கை வாங்கியிருந்தார்கள். மோட்டாரில் ஓடும் செக்கு; உரல் மட்டும் வாகை மரம். மலையிலேயே இருக்கும் ஓர் உண்டு உறைவிடப் பள்ளி, தன் விடுதிச் சமையலுக்கு ஓராண்டுக்கு இவர்களிடமே கடலை எண்ணெய் வாங்கிக்கொள்ள இசைந்தது. நிபந்தனை ஒன்றுதான். எண்ணெயின் கொழுப்பு அமில அறிக்கை புதன்கிழமைக்குள் வந்தாக வேண்டும். அடுத்த திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அறிக்கை வராவிட்டால் பழையபடி பாக்கெட் எண்ணெய்தான்.

அடிவாரத்துக்கு அப்பால் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் அப்போது நான் திட்ட உதவியாளராக இருந்தேன். மலைக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அவர்களுடைய பொருளைச் சோதித்துத் தருவதும் என் வேலை. இரண்டும் ஒரே ஆளின் கையில் இருப்பதில் ஏதோ சரியில்லை என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை நானே மேலே போய், முதன்முதலாக ஆட்டி வைத்திருந்த எண்ணெயிலிருந்து மாதிரி எடுத்து வந்தேன். பொன்னிறமான, மணமுள்ள எண்ணெய். குழுவின் செயலாளரான அக்கா பாட்டிலை என் பையில் வைக்கும்போது, "பாத்துக் கொண்டு போங்க கண்ணு, வளைவுல உருட்டிப்போடாதீங்க. பதினோரு ஊட்டுக் கஞ்சி அதுல இருக்குது" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

எண்ணெயை அப்படியே சோதனைக் கருவிக்குள் செலுத்த முடியாது. எண்ணெயில் கொழுப்பு அமிலங்கள் மும்மூன்றாகக் கிளிசராலோடு பிணைந்து கனத்துக் கிடக்கும்; ஆவியாக மறுக்கும். அந்தப் பிணைப்பை அறுத்து ஒவ்வோர் அமிலத்தோடும் ஒரு மெத்தில் குழுவைச் சேர்த்தால் இலேசான மெத்தில் எஸ்டர்கள் கிடைக்கும். வெள்ளிக்கிழமை காலை அதைத்தான் செய்தேன். நூறு மில்லிகிராம் எண்ணெயை எடைபோட்டு ஹெக்ஸேனில் கரைத்தேன். மெத்தனாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சில துளிகள் விட்டு, மூடி, அரை நிமிடம் வேகமாகக் குலுக்கி நிற்கவைத்தேன். கலங்கல் அடியில் தங்கியது. மேலே தெளிந்த அடுக்கிலிருந்து எடுத்துக் கருவியின் சிறு குப்பியில் ஊற்றினேன்.

வாயு நிறப்பிரிகைக் கருவிக்குள் தலைமுடியினும் சற்றே தடித்த ஒரு குழாய் அறுபது மீட்டர் நீளத்துக்குச் சுருண்டிருக்கிறது. கருவிக்குள் உள்ள அடுப்பின் சூடு ஏற ஏற எஸ்டர்கள் அதற்குள் ஓடத் தொடங்கும். குட்டையானவை முந்தும், நீண்டவை பிந்தும். ஒரே நீளமுள்ளவற்றில் இரட்டைப் பிணைப்பு கூடக்கூட, குழாயின் உட்பூச்சு அவற்றைச் சற்று அதிகம் பிடித்துவைக்கும். மறுமுனையில் ஒரு ஹைட்ரஜன் சுடரில் ஒவ்வொன்றாக எரியும்போது திரையில் ஒவ்வோர் உச்சி எழும். எந்த நிமிடத்தில் எழுந்தது என்பது அதன் பெயர். அதன் பரப்பு அதன் பங்கு.

பால்மிடிக், ஸ்டியரிக், உயரமான ஒலீயிக், அதையடுத்து லினோலீயிக். பிறகு கடலை எண்ணெய்க்கே உரிய நெடிய அமிலங்களின் சிறு உச்சிகள். கடைசியாக இருபத்துநான்கு கார்பன் கொண்டது. எல்லாமே எதிர்பார்த்த அளவில் இருந்தன. நாற்பதாவது நிமிடத்தில் கருவி வழக்கம்போல் ஓட்டத்தை முடித்துக்கொண்டது. அக்காவுக்குத் தொலைபேசியில், "நல்லா வந்திருக்குதுக்கா" என்று சொல்லிவிட்டேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

அடுத்ததாக வெறும் ஹெக்ஸேனை ஓடவிட்டேன். முந்தைய மாதிரியின் மிச்சம் எதுவும் குழாயில் இல்லை என்று உறுதிசெய்யும் நடைமுறை அது. எதுவுமே வரக்கூடாத அந்த ஓட்டத்தின் தொடக்கத்தில், அகன்று மழுங்கிய ஒரு மேடு எழுந்து தணிந்தது. குழாயில் அழுக்கு என்று எண்ணி மறுபடி ஹெக்ஸேன் ஓட்டினேன், மேடு இல்லை. கடலை எண்ணெய், பிறகு ஹெக்ஸேன், மேடு வந்தது. அப்படியானால் நான் ஓட்டத்தை முடித்த பிறகும் எண்ணெயில் ஏதோ ஒன்று குழாய்க்குள்ளேயே நின்றுகொண்டிருக்கிறது.

சனிக்கிழமை ஓட்டத்தை எழுபது நிமிடமாக நீட்டினேன். ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் கூர்மையாக, தனியாக ஓர் உச்சி எழுந்தது. ஒப்பிடுவதற்கு ஆய்வகத்தில் வைத்திருந்த முப்பத்தேழு எஸ்டர்களின் கலவையில் அப்படி ஒன்று இல்லை. ஹைட்ராக்சில் குழு உள்ள அமிலம் எங்கள் குழாயில் வெகுநேரம் ஒட்டிக்கொண்டு நிற்கும் என்று படித்திருந்தேன். அத்தகைய அமிலமே நிறைந்தது விளக்கெண்ணெய்; மருந்துக்கடையில் ஒரு சிறு சீசா வாங்கினேன். ஹெக்ஸேனில் அது எளிதில் கரையவில்லை; சிறிது டொலுவீன் சேர்த்துக் கரைத்து, அதே முறையில் எஸ்டராக்கி ஓட்டினேன். ஏறத்தாழ முழு எண்ணெயும் ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் ஒரே உச்சியாக எழுந்தது. ரிசினோலீயிக் அமிலம். கடலை எண்ணெய்க்குள் அதன் பங்கு ஒன்றரை விழுக்காட்டைத் தொட்டது. சமையல் எண்ணெயில் ஆமணக்கு எண்ணெய் இருக்கவே கூடாது என்பது விதி.

தொலைபேசியில் சொல்ல வாய் வராமல் ஞாயிற்றுக்கிழமை சேந்தமங்கலத்திலிருந்து பேருந்து ஏறினேன். செக்கறையில் நான்கு பேர் இருந்தார்கள். அச்சிட்ட தாளை அக்காவிடம் கொடுத்தேன். பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்து, "இதென்னுங்க, எங்க மாமியாளுக்கு எடுத்த ஈசிஜி மாதிரியே இருக்குது?" என்றார்.

"உங்க மாமியாளுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருந்துதா, எடுக்கறதுக்கு?" என்றார் அக்கா. மறுபடியும் சிரிப்பு.

கடைசி உச்சியில் விரலை வைத்தேன். "அக்கா, இது விளக்கெண்ணெய். கடலையோடு எப்படியாவது ஆமணக்கு கலந்துச்சுங்களா? ஒரே சாக்குல போட்டு வெச்சீங்களா?"

"இல்லீங்களே. ஆமணக்குக் கொட்டமுத்து இந்தப் பக்கமே வாரதில்லீங்க." உரலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முகம் மலர, "அட, இது உரலு குடிச்சதுங்க கண்ணு!" என்றார்.

புது உரல் வெடிக்காமலிருக்க எண்ணெய் ஊட்ட வேண்டும் என்றும், பழைய இன்ஜின் ஆயிலைத் தடவினால் போதும் என்றும் செக்குப் போட்ட ஆசாரி சொன்னாராம். இவர்கள் மறுத்துவிட்டார்கள்.

"நீங்கதானுங்க பயிற்சியில சொன்னீங்க, மெசினு ஆயிலு, கிரீஸு எதுவும் எண்ணெ படற எடத்துக்குக் கிட்ட வரக்கூடாதுன்னு. அதனால எங்கூட்டு விளக்கெண்ணெயவே ஊத்துனோம். அஞ்சு நாளு உரல் நெறைய. குடிக்கக் குடிக்க ஊத்துனோமுங்க. அப்புறம் வழிச்சுத் தொடைச்சுப்போட்டுத்தான் கடலைய போட்டது."

"பச்சப் புள்ளைக்கே குடுப்போம், அதையா வேண்டாங்கறாங்க?" என்று இன்னொருவர் கேட்டார்.

குழந்தைக்கு என்றோ ஒருநாள் ஒரு சங்கு கொடுப்பதும், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு நாள்தோறும் தாளிப்பதும் ஒன்றல்ல என்றேன். இந்த அளவில் ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆகாது என்று என்னால் எழுதித்தர முடியாது என்றேன். அக்கா அந்தக் கடைசி உச்சியின்மேல் தன் விரலை வைத்தார். சிரிப்பு நின்றுவிட்டிருந்தது.

"அப்ப நாங்க கலப்படக்காரிகளுங்களா?"

"இல்லைங்க அக்கா."

"உங்க ரிப்போர்ட்டு அப்படித்தான சொல்லும்?"

ஓர் உச்சி எவ்வளவு உயரம் என்றுதான் அந்தத் தாள் சொல்லும். அது பேராசையால் வந்ததா, என் பேச்சைக் கேட்டதால் வந்ததா என்று சொல்லாது. எதைத் தொடக்கூடாது என்று நான்கு மாதங்களுக்கு முன் சொன்னேன். அதற்குப் பதில் எதைத் தொடலாம் என்று சொல்லவில்லை. கடலை எண்ணெயையே ஊற்றி ஊறவைத்து, முதல் சில ஆட்டுகளைச் சமையலுக்கு எடுக்காமல் ஒதுக்குங்கள் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும்.

உரலில் ஊறியது வடிந்துவிடுகிறதா என்று பார்க்க அன்றே அவர்கள் மறுபடி ஆட்டினார்கள். ஒரு நடை, இரண்டு நடை, மூன்று. ஒவ்வொன்றிலும் மாதிரி எடுத்துக்கொண்டு கடைசிப் பேருந்தில் இறங்கினேன். திங்களன்று பகல் முழுவதும் கருவியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஐம்பத்திரண்டாவது நிமிடம் வரும்போதெல்லாம் கோடு சற்றே நிமிர்ந்தது. ஒவ்வொரு நடையிலும் குட்டையானது. ஒன்றிலும் இல்லாமல் போகவில்லை. மரம் தான் குடித்ததை அவசரமில்லாமல் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஆய்வகத் தலைவரிடம் இரண்டு தாள்களையும் வைத்தேன்: வெள்ளிக்கிழமை எடுத்த நாற்பது நிமிடத் தாள், சனிக்கிழமை எடுத்த எழுபது நிமிடத் தாள். முதலாவதில் பொய் ஏதும் இல்லை. எங்கள் வழக்கமான முறைப்படி எடுத்தது. எல்லா எண்ணும் சரி.

"ரெண்டுலயும் நம்ம ஆய்வகப் பேருதாம்மா இருக்கு," என்றார். "எதுல கையெழுத்து வேணும்னு சொல்லு, போடறேன்."

அவர் வழி சொல்லுவார் என்று நம்பிப் போயிருந்தேன். அவர் பேனாவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் எழுபது நிமிடத் தாளை நகர்த்தினேன்.

செவ்வாயன்று விடுதிக் காப்பாளரிடம் இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன். உரலை இன்னும் சில நடைகள் கழுவி எடுத்தால் சரியாகிவிடும் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகவே கேட்டார்.

"ஏனுங்க மேடம், திங்கக்கிழமை புள்ளைங்க வந்துருவாங்க. ரெண்டு வாரம் குழம்பத் தாளிக்காம ஊத்த முடியுங்களா? அதுவுமில்லாம, விளக்கெண்ணெய்னு ஒருக்கா காயிதத்துல வந்துருச்சுங்க. இனி அவங்க எண்ணெய்க்கு நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது?"

அக்காவிடம் அதைத் தொலைபேசியில் நானே சொன்னேன். மறுமுனையில் செக்கின் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ மோட்டாரை நிறுத்தினார்கள். "செரிங்க கண்ணு," என்றார். "நீங்க பொய்யா எழுதுவீங்கன்னு நாங்க நெனைக்கல. ஆனா வெள்ளிக்கெழம நல்லா வந்திருக்குதுன்னு சொன்னீங்க பாருங்க, அன்னைக்கு ஊரெல்லாம் சொல்லிப்போட்டோம்."

அந்த ஆண்டு விடுதிக்குப் பாக்கெட் எண்ணெய்தான் வந்தது. ஏழெட்டு நடைகளுக்குப் பிறகு ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் கோடு நேராக ஓடியது. அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காப்பாளர் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். பெண்கள் இப்போது கடலையைக் கொண்டு வருகிறவர்களுக்குக் கூலிக்கு ஆட்டித் தருகிறார்கள். பதினொருவரில் நால்வர் விலகிவிட்டார்கள்.

இப்போது எந்த எண்ணெயானாலும் ஓட்டத்தை எழுபது நிமிடம் விடுகிறேன். முடிவு முழுதாக வரும்வரை யாருக்கும் தொலைபேசி செய்வதில்லை. நான் பயிற்சி கொடுத்த குழுவின் மாதிரியை நானே சோதிப்பதும் இல்லை.