மேற்கோள் குறிக்குள் என் கை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நான் தமிழ் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். பி.ஏ. தமிழ். அந்தத் திமிர் நிறையவே உண்டு. மேனாம்பேட்டிலிருந்து நடந்து வரும் வழியில் கடைப் பலகைகளையெல்லாம் மனசுக்குள் திருத்திக்கொண்டே வருவேன். வீட்டில் அம்மாவிடம் "சோறு துன்ட்டியா?" என்று கேட்பவளும் நான்தான். அது வேறு கணக்கு.

ஒரு நாள் ஃபோர்மேன் ஒரு புகாரைக் கொடுத்து, டைப் அடித்துத் தரச் சொன்னார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. லேத்தில் நிற்கும் ஒரு தொழிலாளி தன்னை மரியாதையில்லாமல் பேசிவிட்டான் என்பது புகார். "நான் போனேன், அவன் மெசின்ல நின்னுக்கிட்டு இருந்தான், எனக்குக் கோவம் வந்திச்சு" என்று எழுதியிருந்தார். ஐயோ கடவுளே! அலுவலகக் கடிதத்தில் "வந்திச்சு"வா? எல்லாவற்றையும் "நின்றுகொண்டிருந்தான்", "கோபம் வந்தது" என்று மாற்றினேன். அது சரிதான், இன்றைக்கும் அப்படித்தான் மாற்றுவேன்.

அந்தத் தொழிலாளி சொன்னதை மட்டும் மேற்கோள் குறிக்குள், காதில் விழுந்தது விழுந்தபடி எழுதியிருந்தார்: "இன்னா நைனா, சும்மா கூவிகினு கீற? கை மாட்டிக்கும், அப்பால போ."

என் கை சும்மா இருக்குமா? "என்ன, வீணாகக் கத்திக்கொண்டிருக்கிறாய்? கை மாட்டிக்கொள்ளும். அப்பால் போய்விடு" என்று அடித்தேன். "நைனா"வுக்கு எழுத்துத் தமிழில் எதைப் போடுவது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அதை எடுத்தே விட்டேன். ஃபோர்மேன் படித்துப் பார்த்து, "ரொம்ப அழகா இருக்கும்மா" என்று கையெழுத்துப் போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த அழகான தமிழ் அப்படியே குற்றப் பத்திரிகைக்குப் போனது. மேலதிகாரிக்கு மிரட்டல் விட்டான் என்று தொழிலாளியை சஸ்பெண்ட் செய்தார்கள். பதினோரு வருஷ சர்வீஸ், இரண்டு பெண் பிள்ளைகள். நிரூபணமானால் வேலை போய்விடும்.

விசாரணைக்கு வெளியிலிருந்து ஒரு வக்கீலை விசாரணை அதிகாரியாகக் கூப்பிட்டிருந்தார்கள். பேசுவதைப் பதிவு செய்ய என்னை டைப்ரைட்டரோடு உட்கார வைத்தார்கள். அதிகாரி குற்றப் பத்திரிகையைப் படித்துக் காட்டி, "இதெல்லாம் நீ சொன்ன வார்த்தைதானா?" என்று கேட்டார்.

"இல்ல சார். இந்த மாரி பேசத் தெரிஞ்சா நான் ஏன் சார் லேத்துல நிக்கிறேன்?"

அதிகாரியின் முகம் கடுத்தது. "அப்ப ஃபோர்மேன் பொய் சொல்றாரா?"

"அவரு பொய் சொல்லல சார். ஆனா இது நான் பேசுனது இல்ல."

என் விரல்கள் பழக்க தோஷத்தில் "இல்லை ஐயா, இவ்வாறு பேச" வரைக்கும் அடித்துவிட்டன. தாளைப் பார்த்தேன். அந்த ஆள் வாயைத் திறந்தபோதெல்லாம் நான்தான் பேசியிருக்கிறேன். மிரட்டியதும் நான், இப்போது மறுப்பதும் நான்.

எழுந்து நின்று, "சார், நான்தான் திருத்தினேன்" என்றேன். கோப்பிலிருந்த, ஃபோர்மேன் கையால் எழுதிய புகாரைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

அதிகாரி அதை ஒரு முறை மனசுக்குள்ளும், ஒரு முறை சத்தமாகவும் படித்தார். பட்டணத்திலேயே பிறந்து வளர்ந்தவர் போலிருக்கிறது, சிரித்துவிட்டார். "நைனான்னு பாசமா கூப்ட்டு, கை மாட்டிக்கும், தள்ளிப் போன்னு சொல்றான். இது மிரட்டலா?"

ஃபோர்மேன் திகைத்தார். "எங்க ஊர்ல இப்படிப் பேச மாட்டாவ சார். என்னைய மட்டம் தட்டுதான்னுல்லா நெனச்சேன்." அவர் கை ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் இருந்ததா என்று அதிகாரி கேட்டார். இருந்தது என்று ஒப்புக்கொண்டார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "புகார் எழுதுனவர் நடைய நீ திருத்தும்மா, தப்பில்ல. குறிக்குள்ள இருக்கறது உன்னோடது இல்ல, அது சாட்சி."

அடுத்த வாரமே அந்த ஆள் வேலைக்குத் திரும்பினார். கேட்டருகில் என்னைப் பார்த்ததும், "யக்கா, உங்க தமிழ்ல நான் பெரிய ரவுடியா கீறேனே!" என்றார். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவமானமாக இருந்தது.

புகாரைத் திருத்தியதற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. நடந்ததை விளக்கி, அவருடைய வார்த்தைகளைக் குறிக்குள் உள்ளபடியே போட்டு, மற்றதெல்லாம் பிசிறில்லாத எழுத்துத் தமிழில் அடித்துக் கொடுத்தேன். மறுநாள் அது மேனேஜரிடமிருந்து திரும்பி வந்தது. "கூவிகினு கீற" என்பதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம். ஓரத்தில், "தமிழ் படித்தவர் எழுதுவதா இது? பிழை திருத்தி மீண்டும் தரவும்."

புதுத் தாளைச் செருகினேன். ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் திரும்ப அடித்தேன். அந்த இரண்டு மேற்கோள் குறிகளை மட்டும், பக்கத்து மேசைக்குக் கேட்கும்படி, அதே இடத்தில் இரண்டிரண்டு தடவை குத்தினேன்.