ஊர்ப் பெயரைச் சுருக்கச் சொன்னார்கள்

வவுனியாவில் நான் வேலை பார்க்கும் சிறிய மென்பொருள் அலுவலகத்தில், வன்னி ஊர்களுக்குத் தயிர் கொண்டுபோய்க் கொடுக்கும் கடையொன்றுக்கு இணையப் பக்கம் செய்தேன். ஒவ்வொரு வரிசையிலும் ஊர்ப் பெயர், தயிர் வரும் நாள், தயிர் கேட்டு அழுத்தும் ஓடர் பொத்தான். எனக்குத் தெரிந்தது, பெட்டிகளை ஒரே வரியில் அடுக்கும் ஃப்ளெக்ஸ்பொக்ஸ் முறை மட்டும். 'புளியங்குளம்' வரிசையில் நாள் ஓரிடத்திலும் 'முள்ளியவளை' வரிசையில் வேறிடத்திலும் நின்றது.

கொழும்பிலிருந்து வீடியோ அழைப்பில் அதைப் பார்த்த எங்கள் மேலாளர், "உங்கட ஊர்ப் பெயரெல்லாம் சரியான நீளம். ரெண்டெழுத்தாச் சுருக்குங்கோ" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கம் கோணினால் ஊரின் பெயரையா வெட்டுவது?

பக்கத்துக் கதிரையில் இருந்த தோழி என் திரையைப் பார்த்தாள். "பெயரில ஒரு பிழையும் இல்லை. நீர் ஒவ்வொரு வரிசையையும் தனி ஃப்ளெக்ஸ் பெட்டியா வச்சிருக்கிறீர். மேல் வரிசையின்ர அகலம் கீழ் வரிசைக்குத் தெரியாது. கிரிட் எண்ட கட்ட அமைப்பெண்டால் வரிசையையும் மேலிருந்து கீழாப் போற நிரலையும் சேர்த்துப் பார்க்கும்."

வரிசைப் பெட்டிகளை நீக்கி, எல்லாவற்றையும் ஒரே தாய்ப் பெட்டிக்குள் நேரடியாக வைத்தோம். அந்தப் பெட்டிக்கு display: grid என்றும், grid-template-columns: auto 1fr auto என்றும் எழுதினேன்; ஓர நிரல்கள் இரண்டும் உள்ளிருப்பதன் அகலத்தை எடுக்கும், நடு நிரல் மிச்ச இடத்தை எடுக்கும். ஆக நீளமான பெயருக்கு ஏற்றபடி முதல் நிரல் முழுவதும் விரிந்தது. நாட்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டுக்கு வந்தன.

"இப்ப வடிவா இருக்கு. சுருக்கினதும் சரியாப் போச்சு, பாத்தீங்களா?" என்றார், மறுபடி வீடியோவில் பார்த்த மேலாளர்.

"ஒரு எழுத்தும் சுருக்கேல்லை. வாசிச்சுப் பாருங்கோ" என்றேன்.

அவர் வாசிக்கவில்லை, அடுத்த வேலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.