பூட்டு திறந்திருந்த மாதங்கள்

அந்தப் பிரெஞ்சுக்காரரை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் வீட்டில் களி உருண்டையைக் கையால் பிட்டுச் சாப்பிட்டு, என் மனைவியிடம் மறுசோறு கேட்டு வாங்கியவர். ஓசூருக்கு வெளியே நாங்கள் தொடங்கவிருந்த உதிரிபாகத் தொழிற்சாலையில் பாதிப் பங்கு அவருடையது. மீதிப் பாதிக்கு உத்தனப்பள்ளியிலிருந்த என் சித்தப்பாவின் நிலத்தை அடமானம் வைத்து பேங்கில் கடன் வாங்கியிருந்தோம். பெங்களூர் பேங்கில் அந்நியச் செலாவணிப் பிரிவில் இருந்த நான், வேலையை விட்டுவிட்டு வந்து கணக்கைப் பார்த்துக்கொண்டேன். சித்தப்பா நிலத்தைக் கொடுத்ததே என்னை நம்பித்தான்.

அறுபத்தெட்டு மே மாதம் பிரான்சில் ஊரே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. கூலியை உயர்த்திக் கொடுத்தார்கள். அவர்கள் நாணயமான பிராங்கின் மதிப்பு இறங்கிவிடும் என்று பயந்தவர்கள் பணத்தை ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் கடத்தத் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் அந்த நாடு செலாவணிக் கட்டுப்பாடுகளைப் பெரும்பாலும் எடுத்துவிட்டிருந்தது. யாரும் யாரையும் கேட்காமல் பணத்தை வெளியே அனுப்பலாம். ஓடுகிற பணத்தை நிறுத்த வட்டியைக் கண்டபடி ஏற்ற வேண்டும். ஏற்றினால், அப்போதுதான் எழுந்து உட்கார்ந்த தொழிற்சாலைகள் மறுபடி படுத்துவிடும். அதனால் பணம் வெளியே போக அனுமதி வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். உள்ளூர் வட்டியைத் தங்கள் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளக் கொஞ்சம் இடம் கிடைத்தது. அந்த இடத்துக்கு விலை கொடுத்தவர்களில் நாங்களும் உண்டு. எங்களுக்கு வரவேண்டிய பங்குப் பணமும் அதில் மாட்டிக்கொண்டது.

பிரெஞ்சுக்காரர் போனில் வருத்தப்பட்டார். அனுமதி கேட்டிருப்பதாகச் சொல்லி, பொறுத்திருக்கும்படி கெஞ்சினார். நான் பொறுத்தேன். சித்தப்பாவுக்கும் நானே விளக்கினேன்: ஒரு நாடு தன் ஜனங்களுக்காகச் செய்வது இது, நம் சர்க்காரும் செய்வதுதான், அவர்மேல் தப்பில்லை என்று. வட்டி ஏறிக்கொண்டிருந்தது. கூரை போடாத ஷெட் மழையில் நனைந்தது.

நம் நாட்டில் செலாவணிக் கட்டுப்பாடு என்பது மலை மாதிரி. ஒரு முறை வந்தால் அங்கேயே நிற்கும். அதிலேயே வேலை பார்த்து வளர்ந்தவன் நான். பூட்டினால் சில மாதங்களிலேயே திறக்கும் நாடும் இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை.

டிசம்பரில் பெங்களூரில் பழைய சிநேகிதர் ஒருவரோடு காபி குடித்தேன். பேங்கில் என் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். வேறொரு கம்பெனிக்குப் பிரான்சிலிருந்து பங்குப் பணம் வந்து சேர்ந்ததைப் பேச்சுவாக்கில் சொன்னார். எப்போது என்று கேட்டேன்.

"செப்டம்பர்ல சார். அப்பதான் அவங்க கட்டுப்பாட்டை எடுத்துட்டாங்களே. நவம்பர் கடைசீல மறுபடியும் போட்டாங்க. உங்களுது வரலியா?"

திறந்தபோது என்ன நடந்தது என்பதையும் அவர்தான் சொன்னார். ஒரு முறை பணம் மாட்டிக்கொண்டவர்கள் அடுத்த முறை பூட்டும்வரை காத்திருக்கவில்லையாம். கிடைத்ததை அள்ளிக்கொண்டு முன்னைவிட வேகமாக ஓடினார்களாம். அந்த ஓட்டம்தான் நவம்பரில் மறுபடி பூட்ட வைத்தது.

தை பிறந்ததும் பிரெஞ்சுக்காரர் வந்தார். ஷெட்டுக்குள் நின்றபடியே கேட்டேன். மழுப்பவில்லை. திறந்திருந்த மாதங்களில் எங்களுக்கு அனுப்பவேண்டியதையும் சேர்த்துக் கைக்கு வந்ததையெல்லாம் ஜெர்மனி பேங்கில் போட்டுவிட்டதாக ஒப்புக்கொண்டார். பிராங்க் இறங்கினால் தன் குடும்பம் தெருவில் நிற்குமாம். அக்டோபரில்கூட எனக்குப் போன் செய்து, இன்னும் அனுமதி வரவில்லை என்றாரே, அது எதற்கு என்றேன். தொப்பியை எடுத்துக்கொண்டார். சட்டத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. எடுத்துவிட்ட சட்டத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு என்னை ஏய்த்தாரே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. துரோகி என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்குப் புரிந்திருக்கும்.

அவருடைய பங்கு வராததால் பேங்க் மீதிக் கடனை நிறுத்தி, கொடுத்ததைத் திருப்பிக் கேட்டது. உத்தனப்பள்ளி நிலம் ஏலத்துக்குப் போனது. ஏலத்தன்று தாலுகா ஆபீஸ் வாசலில் சித்தப்பாவிடம் நடந்ததையெல்லாம் சொல்லி, அந்த ஆளைத் திட்டித் தீர்த்தேன்.

"அவன உடுப்பா, அவன் எந்த ஊரோ," என்றார் சித்தப்பா. "பேங்குல குந்தி வேல பாத்தவன் நீதான? தெறந்துட்டாங்களான்னு ஒருதரம் போயிக் கேட்டிருந்தா என்னா?"

அவன் சொன்னதை நம்பினேன் என்றேன்.

"நானும் அப்பிடித்தான், நீ சொன்னத நம்புனேன்," என்று சொல்லிவிட்டு உத்தனப்பள்ளி பஸ்ஸில் ஏறிவிட்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசியதெல்லாம் ஆள் மூலமாகத்தான்.